மூடிய கம்பெனியின் வரி பாக்கிக்கு உங்கள் பெயரில் நோட்டீஸ் வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

நீங்கள் இயக்குநராக இருந்த பிரைவேட் லிமிடெட் கம்பெனியை மூடி மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும், நீங்களும் வேறு வேலைக்குப் போயிருப்பீர்கள். திடீரென்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வரும். கம்பெனி பெயரில் இல்லை, உங்கள் பெயரில், வீட்டு முகவரிக்கு. 'கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாத இந்த வருமான வரி பாக்கியை வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 179-இன் கீழ் உங்களிடமிருந்து ஏன் வசூலிக்கக் கூடாது என்று விளக்கம் தரவும்' என்று எழுதியிருக்கும். கூடவே ஒரு தொகையும் பதில் தரக் கடைசி தேதியும் இருக்கும்.

முதலில் அந்த நோட்டீஸ் உண்மையானதா என்று வருமான வரித் தளத்தில் அதன் ஆவண எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். உண்மை என்றால் அதை ஓரமாக வைக்கவே கூடாது. ஜிஎஸ்டி பாக்கிக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி பிரிவு 89 இருக்கிறது. நான் வருமான வரியை வைத்தே சொல்கிறேன், ஜிஎஸ்டியில் மாறும் இடத்தை மட்டும் தனியாகக் காட்டுகிறேன்.

பெரும்பாலானவர்கள் எழுதும் முதல் பதில் இதுதான்: 'கம்பெனி தனி நபர், நான் தனி நபர், கம்பெனி மூடியாகிவிட்டது, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.' பொதுவாக அது சரியான வாதம்தான். ஆனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனி விஷயத்தில் கம்பெனிக்கும் இயக்குநருக்கும் நடுவே உள்ள சுவரில் கதவு வைப்பதற்காகவே பிரிவு 179 எழுதப்பட்டது, அதனால் அந்த வாதம் இங்கே எடுபடாது. பப்ளிக் லிமிடெட் கம்பெனியின் இயக்குநர் என்றால் கதை வேறு. இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் எழுதலாம், அது வலுவான பதில்.

கம்பெனியின் பெயரைப் பதிவாளரிடம் நீக்கியாகிவிட்டது என்பதும் பாதுகாப்பு இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 248(7), பெயர் நீக்கிய பிறகும் இயக்குநர்களின் பொறுப்பு தொடரும் என்று தெளிவாகச் சொல்கிறது. பெயரை நீக்கக் கேட்கும் STK-2 படிவத்தை நீங்களாகவே போட்டு மூடியிருந்தால் அதோடு STK-3 என்று ஓர் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், பின்னால் வரும் நியாயமான கோரிக்கைகளுக்கு நாங்கள் பொறுப்பு என்று. ஆடிட்டர் நீட்டிய பத்துப் பக்கத்தில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும், பலருக்கு ஞாபகமே இருப்பதில்லை. பதில் எழுதும் முன் அந்தக் கோப்பை எடுத்து ஒருமுறை படியுங்கள், இல்லையென்றால் உங்கள் கையெழுத்துக்கு எதிராக நீங்களே எழுதிவிடுவீர்கள்.

வருடத்தைத் தப்பாகப் படிப்பது

இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். நோட்டீஸில் 'மதிப்பீட்டு ஆண்டு 2019-20' என்று இருக்கும். படிப்பவர் 2019 ஏப்ரலிலிருந்து 2020 மார்ச் வரை என்று எடுத்துக்கொள்வார். அது தப்பு. மதிப்பீட்டு ஆண்டு 2019-20 என்றால் வருமானம் வந்த நிதியாண்டு 2018-19, அதாவது 2018 ஏப்ரல் 1 முதல் 2019 மார்ச் 31 வரை. அந்தக் காலத்தில் யார் இயக்குநராக இருந்தாரோ அவரைத்தான் 179 தொடும். நோட்டீஸ் வந்த நாளில் யார் இருந்தார், மதிப்பீட்டு ஆணை போட்ட நாளில் யார் இருந்தார், கம்பெனியை மூடியபோது யார் இருந்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். மூன்று பேர் இயக்குநர்கள், பாக்கி 18,40,000 ரூபாய், மதிப்பீட்டு ஆண்டு 2019-20. முதலாமவர் 2019 ஜூன் 10 அன்று சேர்ந்தவர். இரண்டாமவர் 2018 அக்டோபர் 15 அன்று ராஜினாமா செய்தவர். மூன்றாமவர் தொடக்கம் முதல் கடைசி வரை இருந்தவர். கம்பெனியின் பதிவில் மூன்று பெயரும் இருப்பதால் மூவருக்கும் நோட்டீஸ் போகிறது.

முதலாமவர் பயந்துபோய் நான்கு பக்கம் எழுதுகிறார். தொழில் நஷ்டம், வங்கிக் கடன், பங்குதாரர் ஏமாற்றியது என்று எல்லாம் இருக்கும். எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'சம்பந்தப்பட்ட நிதியாண்டு 2018-19, நான் நியமிக்கப்பட்டது 10.06.2019, நியமனத்தைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவித்த DIR-12 படிவத்தின் நகல் இணைப்பு.' அதை அவர் எழுதாமல் விட்டுவிட்டார் என்றால், கம்பெனியை நடத்தியதே தான்தான் என்பது போல ஒரு நான்கு பக்க ஒப்புதல் அதிகாரியின் கையில் இருக்கும்.

இரண்டாமவர் 'நான் பாதி வருடத்தில் போய்விட்டேன், பாதித் தொகைதான் என் பங்கு' என்று நினைக்கிறார். வருமான வரியில் அது நடக்காது. அந்த நிதியாண்டில் 'எந்த நேரத்திலாவது' இயக்குநராக இருந்தால் அந்த வருடத்தின் முழு வரிக்கும் பொறுப்பு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஜிஎஸ்டியில்தான் வித்தியாசம். அங்கே எந்தக் காலத்துக்கு வரி பாக்கியோ அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்தாரா என்பதுதான் கேள்வி, அதனால் 2018 நவம்பர் முதலான மாதங்களின் பாக்கிக்கு அவர் 'நான் இல்லை' என்று சொல்லலாம். ஜிஎஸ்டி நோட்டீஸ் என்றால் மாதவாரியாகப் பிரித்த கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

ராஜினாமா தேதியில் இன்னொரு சிக்கல் வரும். நீங்கள் கடிதம் கொடுத்திருப்பீர்கள், கம்பெனி DIR-12 தாக்கல் செய்யாமலே விட்டிருக்கும், பதிவில் உங்கள் பெயர் கடைசி வரை நிற்கும். கம்பெனிகள் சட்டம் பிரிவு 168-இன்படி, ராஜினாமா கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்ட நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்றிலிருந்து அது செல்லும். ஆக நீங்கள் நிரூபிக்க வேண்டியது கடிதம் போய்ச் சேர்ந்ததைத்தான். அனுப்பிய மின்னஞ்சல், அதற்கு வந்த பதில், தபால் ரசீது, ராஜினாமாவைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் DIR-11 படிவத்தை நீங்கள் தனியாகப் போட்டிருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

அதிகாரி முதலில் காட்ட வேண்டியதை நீங்கள் கேட்காமல் விடுவது

பிரிவு 179-இல் இரண்டு படி இருக்கிறது. கம்பெனியிடமிருந்து வரியை வசூலிக்க முடியவில்லை என்பது முதல் படி, அது துறையின் வேலை. என் கவனக்குறைவால் அப்படி ஆகவில்லை என்று நிரூபிப்பது இரண்டாம் படி, அது உங்கள் வேலை. பலரும் முதல் படியைத் தாண்டி நேராக இரண்டாவதற்குப் போய்விடுகிறார்கள். 'வசூலிக்க முடியவில்லை' என்று நோட்டீஸில் சும்மா ஒரு வரி எழுதினால் போதாது. கம்பெனியிடம் வசூலிக்க என்னென்ன முயற்சி எடுத்தார்கள் என்பது நோட்டீஸில் தெரிய வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது.

அதனால் பதிலின் முதல் பத்தியிலேயே இப்படிக் கேளுங்கள்: 'கம்பெனியின் வங்கிக் கணக்குகள், வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய தொகை, வைப்புத்தொகை, இயந்திரங்கள், திரும்ப வர வேண்டிய வரி ஆகியவற்றின் மீது எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற விவரத்தையும், மதிப்பீட்டு ஆணையின் நகலையும் தர வேண்டுகிறேன்.' உங்களுக்குத் தெரிந்து கம்பெனிக்கு எங்கேயாவது பணம் வர வேண்டியிருந்தால் பெயர், தொகை, ஆதாரத்தோடு நீங்களே சொல்லுங்கள். ஒரு வாடிக்கையாளர் 6 லட்சம் பாக்கி வைத்திருக்கிறார், துறை அவருக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்றால், 'வசூலிக்க முடியவில்லை' என்ற பேச்சு அந்த 6 லட்சத்துக்கு நிற்பது கஷ்டம்.

தொழில் ஏன் தோற்றது என்பதையே விளக்கிக்கொண்டிருப்பது

இரண்டாம் படியில் சட்டம் கேட்பது பெரும் அலட்சியம், முறைகேடு, கடமை தவறுதல் இந்த மூன்றும் உங்கள் பக்கம் இல்லை என்பதைத்தான். அதுவும் எதைப் பற்றி? வரி வசூலாகாமல் போனதைப் பற்றி. தொழிலை நன்றாக நடத்தினீர்களா என்பதைப் பற்றி இல்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2012-இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. ஆகவே சந்தை படுத்துவிட்டது, பெரிய ஆர்டர் போய்விட்டது என்பதெல்லாம் பின்னணிதான், பதில் ஆகாது.

பதில் என்பது பணம் எங்கே போனது என்ற கணக்கு. கடைசி இரண்டு மூன்று வருட வங்கி அறிக்கையை எடுத்து, வந்த பணம் சம்பளத்துக்கும் வங்கிக்கும் சப்ளையர்களுக்கும் போனது, எனக்கோ என் குடும்பத்துக்கோ கடனாகவோ சம்பளமாகவோ எடுக்கவில்லை, சொத்து எதையும் அடிமாட்டு விலைக்கு விற்கவில்லை, கம்பெனி சார்பில் மேல்முறையீடு போட்டோம் அல்லது தவணை கேட்டோம் என்று தேதியோடு காட்டுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. மூடுவதற்குச் சில மாதம் முன்பு கம்பெனி உங்களிடம் வாங்கிய கடனை முழுசாகத் திருப்பி எடுத்துக்கொண்டு, வரியை மட்டும் நிறுத்தி வைத்திருந்தால் அதிகாரி முதலில் பிடிப்பது அந்தக் கடனைத் திருப்பி எடுத்ததைத்தான். அதை மறைத்து எழுதாதீர்கள், வங்கி அறிக்கையில் தெரிந்துவிடும்.

'நான் பெயருக்குத்தான் இயக்குநர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்' என்ற பதிலும் ஆபத்தானது. மனைவி, தம்பி, பழைய ஊழியர் என்று பலர் உண்மையிலேயே அப்படித்தான் இருந்திருப்பார்கள், அவர்கள் நிலைமை எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது அலட்சியத்தை ஒப்புக்கொள்வது போலவும் படிக்கப்படும். அதற்குப் பதிலாக, வங்கிக் கணக்கை இயக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, வரிக் கணக்கில் கையெழுத்திட்டது இன்னார், எனக்குச் சம்பளம் இல்லை என்று ஆவணத்தோடு எழுதுங்கள்.

பயத்தில் செய்யும் இரண்டு காரியம்

ஒன்று, 'மூன்று பேர் இருக்கிறோம், என் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கொடுப்பது. பொறுப்பு கூட்டாகவும் தனித்தனியாகவும் உண்டு, அதாவது முழு 18,40,000 ரூபாயையும் ஒருவரிடமிருந்தே எடுக்கலாம். பங்கு கட்டியவரை விட்டுவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, ஆனால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக உங்கள் கடிதம் கோப்பில் இருக்கும். இரண்டு, நோட்டீஸ் வந்த வாரமே வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவது. அந்த மாற்றத்தைச் செல்லாததாகக் கருத இரண்டு வரிச் சட்டத்திலும் இடமிருக்கிறது, அதோடு நேர்மையாக எழுதிய மற்ற பதிலையும் அது கெடுத்துவிடும்.

நாள் போதவில்லை என்றால் கடைசி தேதிக்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள், தளத்தில் ஏற்றிய ஒப்புகையையோ அலுவலக முத்திரை பட்ட நகலையோ வைத்துக்கொள்ளுங்கள். நேரில் விசாரணை வேண்டும் என்பதையும் பதிலிலேயே கேட்டுவிடுங்கள். அப்படியும் உங்களுக்கு எதிராக ஆணை வந்துவிட்டால், வழக்கமான முதல் மேல்முறையீட்டுக்குப் போய் மாதங்களை வீணாக்காதீர்கள், 1961 சட்டத்தில் 179 ஆணைக்கு அந்த வழி இல்லை. பிரிவு 264-இன் கீழ் ஆணையரிடம் மறுஆய்வு மனு போடலாம், ஆணை கிடைத்ததிலிருந்து ஒரு வருடம் வரை நேரம் உண்டு, கட்டணம் 500 ரூபாய். வசூல் முயற்சி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத ஆணை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அங்கே நீதிபதி முதலில் கேட்பது நீங்கள் அன்று கொடுத்த பதிலின் நகலை.