திட்டத்தின் பெயர் ஒன்று, வங்கிக் கணக்கின் பெயர் வேறு: நன்கொடையாளரின் தயக்கத்தைத் தீர்த்த விதம்

வெள்ளவத்தையில் இயங்கும் எங்கள் கல்வி உதவி அமைப்பின் துண்டுப்பிரசுரத்தில் திட்டத்தின் பெயர் இருந்தது; வங்கிக் கணக்கிலோ பதிவுப் பெயர். காசு அனுப்ப வந்தவர்கள் அந்த இடத்தில்தான் தயங்கினார்கள். கடையில் காசு கொடுத்தால் பொருள் கைக்கு வரும். நன்கொடையாளருக்கு அப்படி ஒன்றும் வராது, அதனால் பெயர் பொருந்தாவிட்டால் சந்தேகம் வருவது நியாயமே.

இலச்சினையை மாற்றவில்லை. திட்டப் பெயருக்குக் கீழே, "இது இன்ன அமைப்பின் திட்டம்" என்ற ஒரே வரியைப் பதிவு இலக்கத்தோடு சேர்த்தோம். ஆங்கில எழுத்துக்கூட்டல் வங்கியில் உள்ளபடியே இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு, இணையத்தளம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றிலும் அதே வரி. தனிநபர் கணக்கு இலக்கங்களை, அவசர நிவாரணத்துக்குக்கூட, கொடுப்பதில்லை.

அடுத்த சிக்கல் மிகுதிப் பணம். 50 புத்தகப்பைகளுக்கு, ஒன்று 4,000 ரூபாய் என்று 2,00,000 ரூபாய் சேர்கிறது என்று வையுங்கள். மொத்த விற்பனைக் கடையில் ஒன்று 3,700 ரூபாய்க்குக் கிடைத்தால் 15,000 ரூபாய் மிஞ்சும். அதைச் சொல்லாமல் அலுவலகச் செலவில் சேர்த்தால், கணக்காய்வில் தெரியும் நாளில் நம்பிக்கை போய்விடும். ஆகவே மிகுதி எதற்குப் போகும் என்பதை வேண்டுகோளிலும் பற்றுச்சீட்டிலும் முன்கூட்டியே அச்சிடுகிறோம்.

கடைசியில் அனுப்பும் அறிக்கை ஒரு பக்கம்தான்: வரவு, செலவு, மிகுதி, கடைப் பில், பாடசாலை அதிபரின் கடிதம். பிள்ளைகளின் முகங்களைப் போடுவதில்லை. பலன் தெரிவது விருப்பக்குறிகளில் அல்ல. அதே நன்கொடையாளர் மறுபடி அனுப்புகிறாரா என்பதில்தான்.