சதுர அடி ரேட்டும் தவணைப் பணமும்: வேலூர் பக்கம் சின்ன வீடு கட்டுவோருக்கு ஒரு கணக்கு

"சதுர அடி 2,300 ரூபாய்" என்று கான்ட்ராக்டர் சொன்னதும் வீட்டின் அளவால் பெருக்கிப் பார்த்து, பட்ஜெட் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அந்த ஒரு எண்ணுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தச் சதுர அடி? எப்போது எவ்வளவு கொடுப்பது? இரண்டாவதில் கோட்டைவிட்டவர்களின் வீடுதான் பெரும்பாலும் ரூஃப் போட்ட கையோடு மாதக்கணக்கில் செங்கல் தெரிய நிற்கும்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காட்பாடி பக்கம் 30க்கு 50 அடி மனை, அதாவது 1,500 சதுர அடி, ஏறக்குறைய மூன்றரை சென்ட். அதில் வெளிச்சுவரோடு சேர்த்து 25க்கு 32 அடியில் தரைத்தளம் மட்டும். முன்னால் 10க்கு 8 அடி போர்டிகோ. மாடிப்படிக்கு மேலே 8க்கு 15 அடி ஹெட்ரூம். இங்கே வரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்களுக்கு வரும் கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: சதுர அடியை முதலில் முடிவு செய்யுங்கள்

வீடு 800 சதுர அடி. போர்டிகோ 80, ஹெட்ரூம் 120. எல்லாவற்றையும் முழுசாக எண்ணினால் 1,000. வீட்டை மட்டும் எண்ணினால் 800. 2,300 ரூபாய் ரேட்டில் முதலாவது 23 லட்சம், இரண்டாவது 18 லட்சத்து 40 ஆயிரம். ரேட்டில் 50 ரூபாய் குறைக்க அரைநாள் பேரம் பேசுகிறவர்கள், 4 லட்சத்து 60 ஆயிரம் நிற்கும் இந்த இடத்தைப் பேசாமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

போர்டிகோவுக்குக் கடைக்கால், தூண், கூரை எல்லாம் உண்டு. சுவர், ஜன்னல், ஒயரிங் பெரிதாகக் கிடையாது. ஹெட்ரூமுக்குச் சுவரும் கூரையும் உண்டு. தனிக் கடைக்கால் கிடையாது. அதனால் இரண்டையும் பாதியாக எண்ணச் சொல்வது நியாயம்தான். அப்படிப் பார்த்தால் 800 + 40 + 60 = 900 சதுர அடி. 900 × 2,300 = 20,70,000 ரூபாய். இனி இந்தத் தொகையை வைத்தே பேசுவோம். சன்ஷேட், லாஃப்ட் இரண்டும் சதுர அடியில் சேராது என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள். கடைசி பில்லில் அவை தலைகாட்டும்.

படி 2: ரேட்டுக்கு வெளியே நிற்பவற்றைத் தனியாக எழுதுங்கள்

சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், போர், பிளான் அப்ரூவல் கட்டணம் ஆகியவை பொதுவாகச் சதுர அடி ரேட்டில் வராது. சம்ப்பை லிட்டர் கணக்கில் பேசுவார்கள். லிட்டருக்கு 22 ரூபாய் என்றால் 6,000 லிட்டர் சம்ப்புக்கு 1,32,000 ரூபாய். வேலூர் வெயிலுக்கு மொட்டைமாடியில் கூலிங் டைல்ஸ் இல்லாமல் முடியாது. அது ரேட்டுக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சதுர அடிக்கு 110 ரூபாய் வைத்தாலும் 880 சதுர அடி கூரைக்கு 96,800 ரூபாய் கூடும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்களை இங்கே சேர்க்க வேண்டும். ஒன்று கடைக்கால் ஆழம். "5 அடி ஆழம் வரை ரேட்டில் சேரும்" என்பது போல ஓர் எண்ணை எழுதுங்கள். சத்துவாச்சாரி மாதிரி மலையடிவார மனைகளில் கொஞ்சம் தோண்டியதுமே பாறை இடித்துவிடலாம். உடைக்கத் தனிக்கூலி கேட்பார்கள். பழைய ஏரி, வயல் பக்கத்து மனையில் களிமண்ணாக இருந்தால் இன்னும் ஆழம் போக வேண்டிவரும். ரேட் பேசும் முன்பே ஜேசிபியை வைத்து ஒரு குழி தோண்டிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, பிறகு வரும் சண்டையைவிடக் குறைவு. இரண்டாவது தண்ணீர். கோடையில் கட்டினால், கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுகவிடும் க்யூரிங்குக்கு டேங்கர் வாங்க வேண்டிவரும். அது யார் செலவு என்று எழுதவில்லையென்றால், இரண்டு பேரும் வாங்காமல் விடுவதுதான் நடக்கும். காய்வது கான்கிரீட்.

படி 3: எந்தக் கட்டத்தில் எவ்வளவு வேலை நிற்கிறது என்று பாருங்கள்

பலர் நீட்டும் தவணைப் பட்டியல் இப்படி இருக்கும்: ஒப்பந்தம் போடும்போது 20 சதவீதம், தரைமட்டம் வரையிலான பேஸ்மென்ட் 20, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டையான லிண்டல் 20, ரூஃப் 20, பூச்சு 15, சாவி கொடுக்கும்போது 5. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ரூஃப் போட்ட அன்று நிறுத்திப் பாருங்கள். கொடுத்தது 80 சதவீதம், 16,56,000 ரூபாய்.

இந்த மாதிரி வீட்டில் செலவு உத்தேசமாக இப்படிப் பிரியும்: பேஸ்மென்ட் வரை 17 சதவீதம், லிண்டல் வரை 11, ரூஃப் கான்கிரீட்டோடு 17, ஹெட்ரூம், கைப்பிடிச் சுவர், பைப் பதிப்பது, பூச்சு எல்லாம் சேர்த்து 20, டைல்ஸ், கதவு, ஜன்னல், பாத்ரூம் 20, பெயின்ட், சுவிட்ச், குழாய், மீதி வேலை 15. ரூஃப் வரை கூட்டினால் 45 சதவீதம், அதாவது 9,31,500 ரூபாய். வேலை நடக்காமலே கைமாறிய பணம் 7,24,500. கான்ட்ராக்டர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. அந்தப் பணம் அவருடைய அடுத்த சைட்டின் கடைக்காலுக்குப் போயிருக்கும். அந்த வீட்டுக்காரர் அடுத்த தவணை கொடுத்தால்தான் உங்கள் வீட்டுக்குப் பூச்சு மணல் வரும்.

இந்த சதவீதத்தை நம்பாமல் நீங்களே சரிபார்க்கலாம். ரூஃப் கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். வீடும் போர்டிகோவும் சேர்த்துக் கூரை 880 சதுர அடி. 5 அங்குல கனம் என்றால் 367 கன அடி. பீம்களோடு 450 கன அடி என்று வையுங்கள். கன மீட்டரில் 12.7. எம்20 கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் ஏறக்குறைய 102 மூட்டை சிமென்ட். மூட்டை 370 என்றால் 37,740 ரூபாய். கம்பி கன மீட்டருக்கு 100 கிலோ வீதம் 1,270 கிலோ. கிலோ 65 என்றால் 82,550. எம்-சாண்ட் 1.9 யூனிட், ஜல்லி 3.8 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). யூனிட் 5,500க்கும் 4,500க்கும் சேர்த்து 27,550. கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிக்கும் சென்ட்ரிங், கம்பி கட்டுதல், கான்கிரீட் போடும் கூலி எல்லாம் சதுர அடிக்கு 120 என்றால் 1,05,600. மொத்தம் 2,53,440 ரூபாய். இதோடு ஒயர் பைப்பும், லிண்டலுக்கு மேலே உள்ள சுவரும், அவருடைய லாபமும் சேர்ந்தால் மூன்று, மூன்றரை லட்சத்துக்குள் வரும். 17 சதவீதம் என்பது 3,51,900, பொருந்துகிறது. இந்தக் கட்டத்துக்கு 20 சதவீதம் என்று 4,14,000 கேட்டால் அது கூடுதல் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

படி 4: தவணையை வேலைக்குப் பின்னால் ஓடவிடுங்கள்

20,70,000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்:

- வேலை தொடங்கும்போது 5% – 1,03,500
- பேஸ்மென்ட் முடிந்ததும் 12% – 2,48,400
- லிண்டல் முடிந்ததும் 11% – 2,27,700
- ரூஃப் 16% – 3,31,200
- பூச்சு முடிந்ததும் 20% – 4,14,000
- டைல்ஸ், கதவு, ஜன்னல் முடிந்ததும் 20% – 4,14,000
- சாவி வாங்கும்போது 11% – 2,27,700
- ஒரு மழைக்காலம் கழித்து 5% – 1,03,500

ரூஃப் வரை கொடுத்தது 44 சதவீதம், நடந்த வேலை 45. கடைசி 5 சதவீதத்தை வடகிழக்குப் பருவமழை முடியும் வரை வைத்திருப்பது ஒழுகலுக்காக. ஹெட்ரூம் மூலையும் பாத்ரூம் சுவரும் நவம்பர் மழையில்தான் உண்மை சொல்லும்.

கான்ட்ராக்டர் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார். "ரூஃபுக்கு இரண்டரை லட்சத்துக்குச் சாமான் கூலி போட நான் எங்கே போவேன்?" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. சின்ன கான்ட்ராக்டர் கையில் அவ்வளவு பணம் புரளாது. அதற்காக முன்பணத்தை ஏற்ற வேண்டியதில்லை. ரூஃப் தவணையை இரண்டாக உடையுங்கள்: சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியதும் பாதி, கான்கிரீட் போட்டுத் தண்ணீர் நிறுத்தி, உரிய நாளில் சென்ட்ரிங் பிரித்ததும் மீதி. இல்லையென்றால் கம்பியையும் சிமென்டையும் கடையில் உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே பணம் கட்டி, அந்தத் தவணையில் கழித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டாவது வழியைத்தான் சொல்வோம். பணம் உங்கள் சைட்டைத் தாண்டிப் போகாது.

படி 5: "முடிந்தது" என்றால் என்ன என்று எழுதுங்கள்

தகராறு வருவது தொகையில் அல்ல, இந்தச் சொல்லில். சுவர் லிண்டல் மட்டத்துக்கு ஏறியதும் "லிண்டல் ஆச்சு, பணம் கொடுங்க" என்பார் மேஸ்திரி. ஒப்பந்தத்தில் "எல்லாச் சுவரும் 7 அடி, லிண்டலும் சன்ஷேட்டும் கான்கிரீட் போட்டு முடிந்தது" என்று இருக்க வேண்டும். பேஸ்மென்ட் என்றால் தரைமட்டத்தில் சுவர்களுக்கு அடியில் ஓடும் பிளிந்த் பீம் போட்டு, உள்ளே மண் நிரப்பி, தண்ணீர் விட்டுக் கெட்டித்தது. மண் நிரப்பாமல் தவணை கொடுத்தால் அது டைல்ஸ் ஒட்டும் நேரம் வரை தள்ளிப்போகும். அவசரமாகக் கொட்டிய மண் பிறகு இறங்கி, தரை டைல்ஸைத் தட்டினால் ஓட்டைச் சத்தம் கேட்கும்.

ரூஃபுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது 7 நாள். இங்கே பெரும்பாலும் வாங்கும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்றால் 10 நாள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456படி, தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள தளத்துக்கு அடியில் இருக்கும் முட்டுகளை 7 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது. அதைவிடத் தூரம் என்றால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடுவதால் சீக்கிரம் பிரிக்கும் ஆசை அவருக்கு இருக்கும். மீதிப் பாதித் தவணை உங்கள் கையில் இருந்தால் அந்த ஆசை அடங்கும்.

வீட்டுக்கடன் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேங்க் தன் கட்டப்படிதான் பணம் விடும். இன்ஜினியர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கச் சில நாள் ஆகும். உங்கள் தவணைக் கட்டங்களை பேங்க் கட்டங்களோடு ஒட்டியே அமைத்து, "கட்டம் முடிந்த 10 நாளுக்குள் பணம்" என்று எழுதிக்கொண்டால் மேஸ்திரி ஆளை வேறு சைட்டுக்கு அனுப்ப மாட்டார். ஒவ்வொரு தவணையையும் பேங்க் வழியாகவே கொடுத்து, எந்தக் கட்டத்துக்கு என்று குறிப்பில் எழுதுங்கள். கையில் கொடுத்த பணம் எந்தக் கட்டத்துக்குப் போனது என்று ஆறு மாதம் கழித்து இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது.