பட்ஜெட் ஹோட்டலுக்கு ஒரு ஸ்ட்ராட்டஜி கேன்வாஸ்

ஸ்ட்ராட்டஜி கேன்வாஸ் என்றால், நம் ஹோட்டலும் போட்டி ஹோட்டல்களும் எதில் எவ்வளவு தருகின்றன என்று ஒரே படத்தில் ஒப்பிடும் கோட்டுப்படம். ஒரு தாளில் கிடைமட்டக் கோடு இழுத்து, தங்க வருபவர் கவனிக்கும் விஷயங்களை அதில் எழுதுங்கள்: வாடகை, சாப்பாடு, வரவேற்பறை, அறையின் அளவு, மெத்தை, சுத்தம், அமைதி. செங்குத்துக் கோட்டில் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒரு ஹோட்டலின் மதிப்பெண்களைப் புள்ளிகளாக வைத்து இணைத்தால் அதுதான் அந்த ஹோட்டலின் கோடு. வாடகைக்கு மட்டும் 5 என்றால் அதிக விலை. பலர் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு போட்டி ஹோட்டலுக்கும் தனிக்கோடு வேண்டாம், படம் நூல்கண்டாகிவிடும். ஒரே தரத்து ஹோட்டல்களைச் சேர்த்து ஒரு கோடு போதும்.

பிரான்சில் அக்கோர் நிறுவனம் 1985-இல் ஃபார்முல் 1 ஹோட்டலைத் தொடங்கியதை இப்படி வரைந்து பாருங்கள். அப்போது ஒரு நட்சத்திர ஹோட்டல்களின் கோடு முழுக்கத் தாழ்வாக ஓடியது. இரு நட்சத்திரக் கோடு அதே வடிவில் கொஞ்சம் மேலே. மலிவு அறைக்குப் போனவர் விலைக்காகப் போனார். கூடுதல் காசு கொடுத்தவர் நல்ல தூக்கத்துக்காகக் கொடுத்தார். அக்கோர் உணவகத்தையும் ஓய்வறையையும் நீக்கியது. அறையைச் சிறிதாக்கி, துணி மாட்ட ஒரு கம்பியும் தட்டும் வைத்தது. வரவேற்பாளர் இல்லாத நேரத்தில் இயந்திரமே சாவி வேலையைப் பார்த்தது. மெத்தை, சுத்தம், அமைதி மூன்றும் மேலே ஏறின. அந்தக் கோட்டின் வடிவமே வேறு.

உங்கள் கோடும் போட்டியாளர் கோட்டுக்கு இணையாகவே ஓடினால், சந்தையில் யாரும் தொடாத காலியிடம் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம், மதிப்பெண்ணை நீங்களே போடாதீர்கள். அறையைக் காலி செய்து கிளம்புகிறவரிடம் கேட்டுப் போடுங்கள்.