விதி 110: ஒரே ஒரு எளிய விதி கணினியாவது எப்படி, அதில் நாம் எங்கே தவறுகிறோம்

ஒரு வரிசையில் செல்கள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. அடுத்த நொடியில் ஒரு செல் என்னவாகும் என்பதை அதுவும் அதன் இடது, வலது அண்டைகளும் மட்டுமே முடிவு செய்கின்றன. இப்படி 256 விதிகள் எழுதலாம். அவற்றில் 110 என்ற எண்ணுள்ள விதி, தக்க தொடக்க நிலை கிடைத்தால், கணினியால் செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் செய்யும். 1985இல் ஸ்டீபன் வுல்ஃப்ராம் இதை ஊகித்தார், பின்னர் மேத்யூ குக் நிரூபித்தார். நிரூபணம் 2004இல் அச்சானது.

விதியை எட்டு வரி அட்டவணையாக மனப்பாடம் செய்ய வேண்டாம். செல் 0 என்றால் வலது அண்டையை அப்படியே நகலெடுக்கும். செல் 1 என்றால், இரு அண்டைகளும் 1ஆக இருந்தால் மட்டும் 0 ஆகும். அவ்வளவுதான்.

நிரல் எழுதும்போது பலர் சறுக்குவது, வரிசையை அதே இடத்தில் மாற்றிக்கொண்டே போவதில். `00110` என்ற வரிசையின் அடுத்த நிலை `01110`. இடமிருந்து வலமாக மாற்றிக்கொண்டே போனால், இரண்டாம் செல் 1 ஆனதும் மூன்றாம் செல் அந்தப் புதிய மதிப்பைப் பார்த்துவிடும். இருபக்கமும் 1 என்று எண்ணி 0 ஆகிவிடும். கிடைப்பது `01010`. எல்லாச் செல்களும் பழைய வரிசையைத்தான் பார்க்க வேண்டும்:

```python
def step(a):
    n = len(a)
    return [(110 >> (4*a[i-1] + 2*a[i] + a[(i+1) % n])) & 1
            for i in range(n)]
```

விதியின் எண்ணை இரும எண்ணாக எழுதினால், அதன் எட்டு இலக்கங்களே இடது, நடு, வலது செல்களின் எட்டு நிலைகளுக்கான விடைகள். இன்னொரு சறுக்கல், 110ஐ அப்படி எழுதி (`01101110`) முதல் இலக்கத்தை `000`க்குக் கொடுப்பது. அது `111`க்கு உரியது. தலைகீழாக வைத்தால் உங்களிடம் இருப்பது விதி 118. நிரல் சரியா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. `00010011011111` என்ற 14 செல்களை வளையமாக வைத்து ஒரு படி ஓட்டுங்கள். இதே வடிவம் நான்கு செல் இடப்பக்கம் நகர்ந்து கிடைக்க வேண்டும். ஏழு படிகளில் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இந்த 14 செல் வடிவம் வெறும் சோதனைக்கு மட்டுமல்ல, விஷயத்தின் மையமே இதுதான். விதி 110இன் பின்னணி வெற்று 0 அல்ல, முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும் இந்த வடிவம். அதில் ஏற்படும் சிறு குலைவுகள் உருக்குலையாமல் நகர்கின்றன. இவற்றைக் கிளைடர்கள் என்பார்கள். சில இடப்பக்கம் போகும், சில வலப்பக்கம், சில நின்ற இடத்திலேயே நிற்கும்.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். நடுச்செல் 1ஆக இருக்கும்போது விதி 110 இரு அண்டைகளின் நேண்ட் மதிப்பைத் தருகிறது, அதாவது இரண்டும் 1 என்றால் மட்டும் 0, மற்றபடி 1. நேண்ட் வாயில்களை வைத்து எந்த லாஜிக் சுற்றையும் கட்டலாம். ஆகவே விதி 110 எதையும் கணக்கிடும் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இது போதாது. ஒரு வாயிலின் விடையை அடுத்த வாயிலுக்குக் கொண்டுபோக வழி வேண்டுமே? ஒற்றை வரிசையில் கம்பியைச் சுற்றிக் கொண்டுபோக இடமில்லை. ஒரு சமிக்ஞை இன்னொன்றைத் தாண்ட வேண்டுமானால் அதை ஊடுருவித்தான் போகவேண்டும்.

குக் இந்தச் சிக்கலை வாயில்களால் தீர்க்கவில்லை. சுழல் டேக் முறை என்ற மிக எளிய கணினியைத் தேர்ந்தெடுத்தார். அதில் ஒரு இலக்க வரிசையும், சுற்றிச் சுற்றி வரும் ஒரு பட்டியலும் உண்டு. முதல் இலக்கம் 1 என்றால் பட்டியலின் இப்போதைய உருப்படியைக் கடைசியில் ஒட்டு. எதுவானாலும் முதல் இலக்கத்தை நீக்கு. பட்டியல் `101`, `0` என்றும் தொடக்கம் `1` என்றும் வைத்தால், `1` முதலில் `101` ஆகும், பிறகு `010`, பிறகு `10`. இப்படியே போகும். தாண்ட வேண்டிய கம்பியோ நினைவக முகவரியோ இதில் இல்லை. நின்றபடி இருக்கும் கிளைடர்கள் தரவு, வலப்பக்கமிருந்து வரும் கிளைடர்கள் பட்டியல், இடப்பக்கமிருந்து சீராக வருபவை கடிகாரத் துடிப்பு. அவை மோதும் விதங்களே கணக்கு. கணினியால் செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் செய்யவல்ல கோட்பாட்டுக் கணினியான டியூரிங் இயந்திரத்தையே இத்தனை எளிய முறையால் போலச் செய்ய முடியும் என்பதையும் அவர் காட்ட வேண்டியிருந்தது.

ஆக, ஒரே ஒரு 1இலிருந்து தொடங்கி, `11`, `111`, `1101`, `11111` என்று வளரும் படத்தைப் பார்த்துவிட்டு "இதுதான் கணக்கிடுகிறது" என்பது சரியல்ல. நிரல் முழுவதும் தொடக்க நிலையில் இருக்கிறது. விதி அதை ஓட்டித் தருகிறது, அவ்வளவே. படம் சிக்கலாகத் தெரிவதும் சான்றாகாது. விதி 30 இதைவிடக் குழப்பமான படத்தைத் தருகிறது, ஆனால் அது எதையும் கணக்கிடவல்லது என்று நிரூபணம் ஏதும் வரவில்லை.

அப்புறம், வளையத்தில் ஓட்டும்போது ஒரு வரம்பு உண்டு. 20 செல் வளையத்தில் இருக்கக்கூடிய நிலைகள் மொத்தம் 10,48,576 மட்டுமே. அதற்குள் ஏதாவது ஒரு நிலை மீண்டும் வந்தே தீரும், பிறகு எல்லாம் சுழற்சிதான். எதையும் கணக்கிடும் ஆற்றல் என்ற பேச்சு முடிவில்லா வரிசைக்கு மட்டுமே பொருந்தும். குக்கின் நிரூபணத்திலோ அந்த வரிசையின் இரு புறமும் முடிவில்லாமல் திரும்ப வரும் வடிவங்களால் நிரம்பியிருக்க வேண்டும். திரையில் ஓட்டிப் பார்ப்பவர் 14இன் மடங்காக அகலம் வைத்து, ஓரத்திலிருந்து வரும் கிளைடர்கள் சுற்றி வந்து நடுவிலுள்ள தரவில் மோதுவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.