எதிர்த்திசைக் கூற்றுகளைத் திருப்பி, ஒரே சராசரி மதிப்பெண் கணக்கிடுவது எப்படி?

ஒருவர் எவ்வளவு நன்றாக உறங்குகிறார் என்பதை அறிய ஐந்து கூற்றுகள் கொண்ட சிறிய வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கூற்றுக்கும் ‘சற்றும் உடன்படவில்லை’ என்றால் 1, ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்றால் 5 என்ற அளவில் பதில் பெறப்படுகிறது. கூற்றுகள் இவை:

1. படுத்தவுடன் எளிதில் உறங்கிவிடுகிறேன்.
2. நள்ளிரவில் பலமுறை விழித்துக்கொள்கிறேன்.
3. காலையில் புத்துணர்வுடன் எழுகிறேன்.
4. பகலில் தூக்கக் கலக்கம் என்னை வாட்டுகிறது.
5. உறங்கப் போகும்போது எந்தக் கவலையும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை.

நன்றாக உறங்கும் ஒருவர் 4, 2, 5, 1, 4 என்றும், உறக்கமின்றித் தவிக்கும் மற்றொருவர் 2, 4, 1, 5, 2 என்றும் பதிலளிக்கிறார்கள். இவற்றை அப்படியே கூட்டி ஐந்தால் வகுத்தால் முதலாமவருக்கு 3.2, இரண்டாமவருக்கு 2.8 கிடைக்கும். இரவும் பகலும் போல வேறுபட்ட இருவருக்கிடையே 0.4 மட்டுமே வித்தியாசம் தெரிகிறதென்றால், குறை பதில்களில் இல்லை. எதிரெதிர்த் திசையில் ஓடும் எண்களை ஒன்றாகக் கூட்டிய கணக்கில்தான் இருக்கிறது.

முதற்படி: எந்தக் கூற்றைத் திருப்ப வேண்டும்?

கணக்கைத் தொடங்கும் முன், கிடைக்கப்போகும் மதிப்பெண்ணுக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். இங்கே அதன் பெயர் ‘உறக்க நலம்’. எண் கூடினால் உறக்கம் நன்றாக இருக்கிறது என்று பொருள். பிறகு ஒவ்வொரு கூற்றையும் படித்து, “இதற்கு 5 என்று பதில் சொல்பவருக்கு உறக்க நலம் மிகுதியா, குறைவா?” என்று கேட்டுப் பாருங்கள். குறைவு என்று விடை வந்தால், அந்தக் கூற்றைத்தான் திருப்ப வேண்டும். இந்தக் கேள்வியின்படி இரண்டாம், நான்காம் கூற்றுகள் சிக்குகின்றன.

ஐந்தாம் கூற்றைக் கவனியுங்கள். ‘செய்வதில்லை’ என்று எதிர்மறை வினையில் முடிவதால், அதையும் சேர்த்துத் திருப்பிவிடும் பிழை புதியவர்களிடம் அடிக்கடி நேர்கிறது. ஆனால் கவலையின்றி உறங்கப் போவது உறக்க நலத்தின் அடையாளம். அதேபோல நான்காம் கூற்றில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது. இருந்தும் அது எதிர்த்திசையில் நிற்கிறது. இலக்கணத்தை அல்ல, பொருளையே பார்க்க வேண்டும். பிறர் உருவாக்கிய அளவுகோலைப் பயன்படுத்துவதாக இருந்தால், எவற்றைத் திருப்ப வேண்டும் என்பது அதன் கையேட்டிலேயே இருக்கும். அதை மீறி நாமாக முடிவெடுப்பது சரியன்று.

இரண்டாம் படி: திருப்பும் சூத்திரம்

அளவின் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். நம் அளவு 1 முதல் 5 வரை என்பதால் கூட்டுத்தொகை 6. எனவே 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும், 3 மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அளவு மாறினால் இந்த 6 மாறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. 1965-இல் வெளியான ரோசன்பர்க் தன்மதிப்பு அளவுகோலில் பத்துக் கூற்றுகளுள் ஐந்து எதிர்த்திசையில் உள்ளன. அதன் நான்கு விடைகளுக்குச் சிலர் 0 முதல் 3 வரையும், சிலர் 1 முதல் 4 வரையும் எண் தருகிறார்கள். முதல் முறையில் 3-இலிருந்தும், இரண்டாம் முறையில் 5-இலிருந்தும் கழிக்க வேண்டும். இந்த எல்லைகளை அளவுகோலிலிருந்தே எடுக்க வேண்டும். திரட்டிய தரவில் யாரும் 5 என்று சொல்லவில்லை என்பதற்காக 4-ஐப் பெரிய எண்ணாகக் கொண்டால், திருப்பப்பட்ட எண்கள் அனைத்தும் ஒன்று குறைந்துவிடும்.

இப்போது விரிதாளுக்கு வருவோம். A நெடுவரிசையில் பதிலளித்தவரின் எண்ணும், B முதல் F வரை ஐந்து பதில்களும் இருக்கட்டும். இரண்டாம் கூற்று C-யிலும் நான்காம் கூற்று E-யிலும் இருப்பதால், அவற்றைத் திருப்பி G, H என்ற புதிய நெடுவரிசைகளில் எழுதுகிறோம்.

```
G2:  =IF(C2="","",6-C2)
H2:  =IF(E2="","",6-E2)
```

வெறுமனே `=6-C2` என்று எழுதினால் போதாதா என்று தோன்றலாம். பதில் விடுபட்ட கட்டத்தை விரிதாள் 0 என்று எடுத்துக்கொள்வதால், 6 கழித்தல் 0 என்று கணக்கிட்டு, அளவிலேயே இல்லாத 6 என்ற எண்ணைத் தந்துவிடும். விடுபட்ட பதிலை 9 அல்லது 99 என்று குறித்துவைப்பவர்களுக்கு இதே இடத்தில் −3, −93 போன்ற எண்கள் முளைக்கும். அவர்கள் திருப்பும் முன்பே அந்தக் குறியீடுகளை வெற்றிடமாக்கிவிட வேண்டும்.

மூலப் பதிலின் மேலேயே புதிய எண்ணை எழுதும் பழக்கத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். திருப்பியதை மறந்து மறுமுறை திருப்பினால் எண்கள் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அவை 1 முதல் 5-க்குள்ளேயே இருப்பதால், பிழை கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

மூன்றாம் படி: சராசரி

```
I2:  =IF(COUNT(B2,G2,D2,H2,F2)>=4,AVERAGE(B2,G2,D2,H2,F2),"")
```

சூத்திரத்தில் C, E இடம்பெறவில்லை. அவற்றுக்குப் பதிலாக G, H வந்திருக்கின்றன. முதலாமவரின் எண்கள் 4, 4, 5, 5, 4 ஆகிச் சராசரி 4.4, இரண்டாமவரின் எண்கள் 2, 2, 1, 1, 2 ஆகிச் சராசரி 1.6. முன்பு 0.4 என்று சுருங்கியிருந்த இடைவெளி 2.8 ஆகிறது.

கூட்டுத்தொகையை விட்டுச் சராசரியை எடுப்பதில் ஒரு வசதி உண்டு: விடை அதே 1 முதல் 5 வரையிலான அளவிலேயே நிற்பதால் படித்தவுடன் பொருள் புரியும். விடுபட்ட பதில் வரும்போதும் அது உதவுகிறது. முதலாமவர் இரண்டாம் கூற்றை விட்டுவிட்டிருந்தால், மற்ற நான்கின் சராசரி 4.5, முழுப் பதிலுக்கு அது மிக அருகில் இருக்கிறது. அதே விடுபட்ட கட்டம் 6 ஆக மாறியிருந்தால் 4.8 என்றும், 0 ஆகக் கூட்டப்பட்டிருந்தால் 3.6 என்றும் வந்திருக்கும். ஐந்தில் நான்கு பதில்களாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு நான் வைத்தது; வேறு வரம்பும் வைக்கலாம், ஆனால் அதை முடிவுகளைப் பார்க்கும் முன்பே தீர்மானித்து அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

நான்காம் படி: சரிபார்த்தல்

G, H இரண்டிலும் மிகச் சிறிய எண் 1-க்குக் கீழோ மிகப் பெரிய எண் 5-க்கு மேலோ போகிறதா என்று `MIN`, `MAX` கொண்டு பாருங்கள். இதைவிட வலுவான சோதனை ஒன்றும் உண்டு. ஒரு கூற்றின் இறுதி எண்களுக்கும், எஞ்சிய நான்கு கூற்றுகளின் சராசரிக்கும் இடையிலான, இரண்டும் சேர்ந்தே கூடிக் குறைகின்றனவா என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவை `CORREL` மூலம் கணக்கிடுங்கள். எல்லாமே உறக்க நலத்தைத்தான் அளக்கின்றன என்றால் கெழு நேர்மறையாக இருக்கும். ஒரு கூற்றுக்கு மட்டும் தெளிவான எதிர்மறை வந்தால், அதைத் திருப்ப மறந்திருக்கலாம், இருமுறை திருப்பியிருக்கலாம், அல்லது திருப்பக் கூடாததைத் திருப்பியிருக்கலாம். கெழு எதிர்மறை என்பதற்காக மட்டும் திருப்பிவிடாதீர்கள். கூற்றைத் திரும்பப் படித்துக் காரணத்தைக் கண்டறிந்த பிறகே கைவைக்க வேண்டும்.

இந்தச் சோதனையிலும் சிக்காத ஒரு வகை உண்டு. கூற்றுகளைப் படிக்காமலே ஐந்துக்கும் 5 என்று குறித்துவிட்டுப் போனவருக்குச் சூத்திரம் 5, 1, 5, 1, 5 என்று மாற்றி, 3.4 என்ற நடுத்தரமான மதிப்பெண்ணைத் தரும். I நெடுவரிசையை மட்டும் பார்த்தால் அவர் சுமாராக உறங்குபவர் போலவே தோன்றுவார். எனவே B முதல் F வரையிலான மூலப் பதில்கள் ஐந்தும் ஒரே எண்ணாக உள்ள வரிசைகளைத் தனியே வடிகட்டிப் பாருங்கள். ஐந்தும் 3 என்றிருந்தால் அது உண்மையான பதிலாக இருக்க வாய்ப்புண்டு; ஐந்தும் 5 என்றால், நள்ளிரவில் பலமுறை விழித்துப் பகலெல்லாம் தூக்கக் கலக்கத்தில் வாடும் ஒருவர் காலையில் புத்துணர்வுடன் எழுவதாகவும் சொல்கிறார் என்றாகிவிடும்.