தெருவே சேர்ந்து பொங்க ஒரு நோட்டீஸ் எழுதும் முறை

2025 தையில் எங்கள் தெருவில் முதன்முறையாகச் சேர்ந்து பொங்கல் வைத்தோம். திருச்சியில் சின்னத் தெரு, 39 வீடு. நோட்டீஸை நான்தான் எழுதினேன்: "நமது தெருவில் பொங்கல் விழா சீரும் சிறப்புமாக நடைபெற உள்ளது. அனைவரும் வருகை தந்து விழாவைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் அழைக்கிறோம்."

கல்யாணப் பத்திரிகையில் வரும் வாசகம் இது. வந்தவர்களும் கல்யாணத்துக்கு வருவது போலவே வந்தார்கள். பானை பொங்கி அடங்கிய பிறகு வந்து, தொன்னையில் வாங்கிச் சாப்பிட்டு, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கிண்டியது, பரிமாறியது, கழுவியது எல்லாம் நாங்கள் நான்கு பேர். குறை அவர்களிடம் இல்லை. "வருகை தந்து" என்று எழுதினால் விருந்தாளிதான் வருவார்.

2026-ல் நோட்டீஸை மாற்றி எழுதினோம். அதை எப்படி எழுதினோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதல் தடவை தெருப் பொங்கலுக்கு நோட்டீஸ் எழுதுபவர்கள் எண்ணிக்கையை மட்டும் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நாள்

தை முதல் நாள் அவரவர் வீட்டில் பொங்கல் இருக்கும், பலர் சொந்த ஊருக்கும் போயிருப்பார்கள். அதனால் தெருப் பொங்கலுக்கு அடுத்து வரும் விடுமுறை நாள்தான் சரி. 2026-ல் தை 1 ஜனவரி 15 வியாழக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை, 18-ஆம் தேதி வைக்கலாம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டோம். பக்கத்து வீட்டு ஆச்சி காலண்டரைப் பார்த்துவிட்டு, "அன்னைக்குத் தை அமாவாசைப்பா, பாதி வீட்ல தர்ப்பணம், பாதி வீட்ல விரதம்" என்றார். சனிக்கிழமை காணும் பொங்கலுக்கு மாற்றினோம். காணும் பொங்கலன்று மதியத்துக்கு மேல் எல்லாரும் வெளியே கிளம்பிவிடுவார்கள், ஆகவே காலை வேளைதான். தேதியை எழுதும் முன் தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் நான்கு தாள் தள்ளிப் பாருங்கள்.

பிறகு சமையல் கணக்கு

நோட்டீஸுக்கு முன்னால் சமையல் கணக்கைப் போட்டுவிட வேண்டும். யார் என்ன கொண்டுவர வேண்டும் என்பது அதிலிருந்துதான் வரும்.

சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கிலோ பச்சரிசி போட்டால் முப்பது தொன்னை தாராளமாக வரும். எங்கள் தெருவில் 120 பேர், ஆக 4 கிலோ அரிசி. அதற்கு 1 கிலோ பாசிப்பருப்பு, 7 கிலோ வெல்லம், 1 கிலோ நெய், முந்திரியும் திராட்சையும் 400 கிராம் வீதம், பால் 3 லிட்டர். இத்தனையும் வேக 50 லிட்டர் அண்டா வேண்டும். 17-ஆம் எண் பாய் வீட்டில் பிரியாணி அண்டா இருந்தது, அதையே வாங்கிக்கொண்டோம்.

அண்டா அழகாகப் பொங்கி வழியாது, அதற்கென்று தனியாக ஒரு புது மண்பானை வையுங்கள். ஐந்து லிட்டர் பானை போதும். பாலும் அரிசி களைந்த நீருமாகக் கழுத்து வரை ஊற்றினால்தான் நுரை கட்டி வழியும். முக்கால் பானையோடு நிறுத்தினால் உள்ளுக்குள்ளேயே கொதித்து அடங்கிவிடும், சுற்றி நிற்கும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். பொங்கியதும் அரை கிலோ அரிசியைப் போட்டு, வெந்து வெல்லம் சேர்த்துச் சூரியனுக்குப் படைத்த பின் அண்டாவில் கலந்துவிடலாம்.

எதை வீட்டுக்கு வீடு கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

2025-ல் நான் செய்த பெரிய தவறு இதுதான். அந்த நோட்டீஸிலேயே "வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வாருங்கள்" என்றும் எழுதியிருந்தேன். படிக்க அழகாக இருந்தது. வந்தது என்ன? ஒரு வீட்டில் புதுப் பச்சரிசி, இன்னொரு வீட்டில் இரண்டு வருடப் பழசு, சிலர் வீட்டில் இருந்த பொன்னிப் புழுங்கலை அள்ளி வந்தார்கள். எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்தது. புதுப் பச்சரிசி குழைந்து கூழாகியும் புழுங்கல் விறைத்துக்கொண்டு நின்றது. நேரமாகிறது என்று வெல்லத்தைக் கொட்டினோம். வெல்லம் விழுந்துவிட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது. பாயசத்துக்குள் நறுக்கு நறுக்கென்று அரிசி இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வெல்லம் போடக் கூடாது. அன்றைக்கு நான் நசுக்கிப் பார்க்கவில்லை.

ஆக, அரிசியும் பருப்பும் ஒரே கடையில் ஒரே மூட்டையிலிருந்து வாங்க வேண்டும். அதையும் ஏலக்காய், விறகு, மண்பானையையும் நாங்கள் சிலர் சேர்ந்து வாங்கினோம். வெல்லம், நெய், முந்திரி, பால் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் கலந்துகொள்ளும். வெல்லத்தை எப்படியும் கரைத்து மண் வடிகட்டத்தான் போகிறோம். அதனால் அதை முந்தின நாள் மாலையே கேட்டுவிட வேண்டும். காலையில் வாங்கினால் வடிகட்ட நேரம் இருக்காது.

ஆனால் அந்த ஒரு பிடி அரிசியை விட எனக்கு மனமில்லை. அது அழைப்பில் இருக்கத்தான் வேண்டும். வாங்கிய அரிசியைக் கழுவி முறத்தில் பரப்பி வைத்து, வீட்டுக்கு ஒருவர் தன் கையால் ஒரு பிடி எடுத்து அண்டாவில் போடுவது என்று மாற்றினோம்.

நேரத்தோடு பாட்டையும் சேர்த்து எழுதுங்கள்

சாப்பாட்டு நேரத்தை மட்டும் போட்டால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார்கள். அடுப்பு பற்றவைக்கும் நேரத்தைப் பெரிதாகப் போடுங்கள். அரிசி போட்டதிலிருந்து பொங்கல் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் "இதோ வந்துடறேன்" என்று வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். பாட்டை அந்த ஒரு மணி நேரத்தில் வையுங்கள்.

"கலைநிகழ்ச்சி" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்தாலே மேடை, மைக், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வந்து, நான்கு பேர் பாட மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கும்மி என்று எழுதுங்கள். கும்மியில் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், சுற்றி நிற்பவர்கள் அதையே திருப்பிப் பாடிக் கை தட்டுவார்கள், பாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆச்சி சின்ன வயதில் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் நடவு நட்டவர். கேட்டபோது "எல்லாம் மறந்துபோச்சு" என்றார். அடுப்பு எரிய ஆரம்பித்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடவுப் பாட்டை எடுத்தார். மண்பானை பொங்கியபோது முதல் குலவையும் அவர் போட்டதுதான்.

இனி நோட்டீஸ்

அரைத்தாள் அளவு, பெரிய எழுத்து, அலங்காரப் படம் வேண்டாம். எங்களுடையது இது:

> நம் தெருப் பொங்கல்
> காணும் பொங்கல், ஜனவரி 17, சனிக்கிழமை
> இடம்: வேப்பமரத்தடி
>
> காலை 6.30-க்கு அடுப்பு பற்றவைக்கிறோம். வாருங்கள், சேர்ந்து பொங்குவோம்.
>
> நெல் தந்த மண்ணுக்கும், சூரியனுக்கும், மாட்டுக்கும், நாற்று நட்ட கைக்கும் நன்றி சொல்லும் நாள். வீட்டுக்கு ஒருவர் தன் கையால் ஒரு பிடி அரிசி போட வேண்டும். அரிசி இங்கேயே இருக்கும்.
>
> 7.00 பானை பொங்கும், குலவை
> 7.15 பிடி அரிசி போடுதல்
> 7.30 கும்மி (பாட்டு எடுத்துக் கொடுப்பவர்: வீட்டு எண் 8 ஆச்சி)
> 8.30 எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுதல்
>
> வீட்டு எண் 1 முதல் 14: வெல்லம் அரை கிலோ
> 15 முதல் 24: நெய் 100 கிராம்
> 25 முதல் 32: முந்திரி 50 கிராம், திராட்சை 50 கிராம்
> 33 முதல் 38: பால் அரை லிட்டர் (சனி காலை 6 மணிக்கு)
> 39: தண்ணீர்
>
> பால் தவிர மற்றவை வெள்ளி மாலை 7-க்குள் வீட்டு எண் 12-இல்.
> கரண்டி பிடிப்பவர்கள்: 5, 11, 20, 27, 34
> தட்டும் டம்ளரும் அவரவர் வீட்டிலிருந்து. வண்டிகளை வெள்ளி இரவே தெருமுனைக்கு மாற்றிவிடவும்.

எந்த வீட்டுக்கும் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. கரண்டி பிடிப்பவர்களை வீட்டு எண் போட்டு எழுதியதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. "சாதி மத பேதமின்றி" என்று அச்சடித்துவிட்டு, சமைப்பது மட்டும் எப்போதும் போல ஒரே பக்கத்து ஆட்கள் என்றால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஐந்து வீட்டையும் தெருவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்தோம்.

அச்சடிக்கும் முன் இரண்டு வீடு

அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டில் பண்டிகை கிடையாது. அவர்கள் கையில் "வெல்லம் அரை கிலோ" என்ற தாளைக் கொடுத்தால் மனம் நோகும். முதலில் நேரில் போய்க் கேளுங்கள். 39-ஆம் வீட்டு ஐயா, "நாங்க இந்த வருஷம் பொங்க மாட்டோம், ஆனா தண்ணி எங்க போர்லேருந்து எடுத்துக்குங்க" என்றார். அதனால்தான் பட்டியலில் அந்த வரி.

இன்னொன்று, 30-ஆம் வீட்டு மாடியில் தங்கியிருந்த பீகார்ப் பையன்கள். அவர்கள் தாளின் அடியில் நாளையும் நேரத்தையும் இந்தியில் எழுதிக் கொடுத்தோம். காலை ஐந்தரைக்கே இறங்கி வந்து விறகை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தாளைக் கேட்டில் செருகிவிட்டு வராதீர்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டும் விடாதீர்கள். கதவைத் தட்டிக் கையில் கொடுத்து, அந்த வீட்டு எண்ணுக்கு நேரே பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள்.

நோட்டீஸ் வேலை செய்ததா என்பது வெள்ளி மாலை ஏழு மணிக்குத் தெரிந்துவிடும். வந்த வெல்லத்தை எண்ணிப் பாருங்கள். எங்களுக்குப் பதினான்கில் பதினொன்று வந்திருந்தது. மீதி மூன்று வீட்டுக்கும் நேரில் போனோம். இரண்டு வீட்டில் மறந்திருந்தார்கள், ஒரு வீட்டில் வெல்லத்தை இடித்துத் தூளாக்கிக்கொண்டிருந்தார்கள்.