புதரை வெட்டும் முன் எலியைப் பிடியுங்கள்: தெருவின் காலி மனையும் சாக்கடையும் சுத்தம் செய்யும் முறை

பலரும் முதல் நாளே அரிவாளோடு காலி மனையில் இறங்குகிறார்கள். மறைவிடம் போனதும் எலிகள் சாவதில்லை, பக்கத்து வீட்டுச் சமையலறைக்குக் குடிபெயர்கின்றன. அதனால் இந்த வேலையில் வரிசைதான் முக்கியம்: முதலில் எலி, அடுத்து புதர், கடைசியில் சாக்கடை. மனை உரிமையாளரின் சம்மதத்தை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வளையில் எலி இருக்கிறது?

மனையைச் சுற்றி நடந்து, சுவரோரத்திலும் குப்பைக் குவியலின் அடியிலும் உள்ள வளைகளை எண்ணுங்கள். மாலையில் ஒவ்வொரு வளை வாயையும் கசக்கிய காகிதத்தால் லேசாக அடைத்து, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். காலையில் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருந்தால் அந்த வளையில் எலி குடியிருக்கிறது. பன்னிரண்டு வளையில் ஐந்து திறந்தால், அந்த ஐந்தின் பாதையில் மட்டும் பொறி போதும்.

பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, தீனி இருக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரை உரசித்தான் ஓடும். அதற்குப் புதிய பொருள் என்றாலே சந்தேகம் என்பதால், முதல் இரண்டு மூன்று இரவு பொறியை இழுத்து மாட்டாமல் தீனியை மட்டும் தின்னவிட்டு, பிறகு மாட்டுங்கள். விஷத்தைவிடப் பொறியையே நான் பரிந்துரைப்பேன். விஷம் தின்ற எலி வளைக்குள் செத்து நாறும், அதைத் தின்னும் நாய், பூனை, பறவைக்கும் ஆபத்து. செத்த எலியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

மீண்டும் காகிதம் அடைத்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு இரவு எதுவும் திறக்காவிட்டால் புதரை வெட்டலாம். வீட்டை ஒட்டிய பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக வெட்டிச் செல்லுங்கள். பாம்பு இருக்கக்கூடும், ஆகவே முன்னே நீண்ட கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். வளையின் வாயை மட்டும் மூடினால் மறுபடி தோண்டும். கடப்பாரையால் வளையை இடித்து, கல்லும் மண்ணும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். டயர், உடைந்த வாளி எதையும் விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்த நிலையிலும் அது மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

சாக்கடை: இங்கேதான் கணக்குத் தவறும்

60 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்துக்குக் கசடு படிந்த சாக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1.8 கன மீட்டர், அதாவது 1800 லிட்டர். ஈரக் கசடு தண்ணீரைவிடக் கனம், சாக்கை நிரப்பினால் தூக்க முடியாது. ஒரு சாக்கில் 15 லிட்டர் என்றால் 120 சாக்கு வேண்டும். எடுத்துச் செல்ல வண்டி ஏற்பாடாகும் முன் தூர் வார ஆரம்பிக்காதீர்கள். கரையில் குவித்த கசடு முதல் மழையிலேயே உள்ளே திரும்பிவிடும்.

தண்ணீர் வெளியேறும் கடைசி முனையிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். மேலே தொடங்கினால் கலங்கிய கசடு கீழே போய் அடைக்கும். மண்வெட்டியின் அகலம் சாக்கடையைவிடக் குறைவாக இருக்கட்டும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை கட்டாயம். எலி மூத்திரம் கலந்த நீர் காயம் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும், புண் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். மூடிய ஆழமான தொட்டிக்குள் யாரும் இறங்கவே கூடாது. விஷவாயு ஆளை நொடியில் வீழ்த்தும், அது பயிற்சியும் கருவியும் உள்ளவர்களின் வேலை.

வாரி முடித்ததும் மேல் முனையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே சாக்பீஸால் குறியிடுங்கள். பளபளவென்று சுத்தமாகத் தெரியும் சாக்கடையிலும் இந்தக் குழிகளில்தான் கியூலெக்ஸ் கொசு முட்டையிடும். குழியைச் சிமெண்ட் கலவையால் நிரப்பி, ஓட்டத்தின் பக்கம் சற்றே சரிவாக இழுத்துவிடுங்கள். கடைமுனையின் தரையே மேலே இருந்தால் வாரி வாரிப் பயனில்லை, அதை உடைத்துத் தரைமட்டம் மாற்ற வேண்டும்.

வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள். அதனால் வாரம் ஒருநாளைக் குறித்து வைத்து, தேங்கிய இடத்தில் வெள்ளைக் கிண்ணத்தால் அள்ளிப் பாருங்கள். துள்ளும் கூத்தாடிப் புழு தெரிந்தால் அந்த வாரமே நீரை வடித்துவிடுங்கள். வடிக்கவே முடியாத இடத்துக்கு மட்டும் பி.டி.ஐ. என்னும் நுண்ணுயிர்க் குருணையை, பொட்டலத்தில் உள்ள அளவுப்படி போடலாம்.

பிற்சேர்க்கை: மேலே பலகைக்கல் மூடிய சாக்கடைக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். கடப்பாரையால் இருவர் சேர்ந்து மூன்று மீட்டருக்கு ஒரு கல்லை மட்டும் நிமிர்த்தி, நீண்ட கைப்பிடிக் கரண்டியால் இருபக்கமும் வாருங்கள். திரும்ப மூடும்போது கல்லிடையே விரல் நுழையும் இடைவெளி கூட வேண்டாம், சுண்டெலிக்கு அதுவே வாசல்.